திட்ட விலக்கத்தை மதிப்பிட எத்தனை மாதிரி வேண்டும்?

ஒரு பொருட்கூட்டத்தின் சராசரியைக் குறிப்பிட்ட நுட்பத்துடன் மதிப்பிடுவதற்கு எத்தனை மாதிரிகள் எடுக்கவேண்டும் என்ற வினாவுக்குப் புள்ளியியல் பாடநூல்கள் தெளிவான சூத்திரம் ஒன்றைத் தருகின்றன. ஆயினும் அச்சூத்திரத்தைக் காரியத்தில் பிரயோகிக்கப் புகுந்தவர், அக்கூட்டத்தின் திட்ட விலக்கம் முன்னரே தெரிந்த எண்ணாக அதனுள் அமர்ந்திருப்பதைக் கண்டு திகைப்பது வழக்கம். சராசரியே தெரியாத நிலையில் விலக்கம் மட்டும் எவ்வாறு தெரியும் என்று வினவினால், சிறிய முன்னோட்ட மாதிரி ஒன்றை எடுத்து அதிலிருந்து மதிப்பிட்டுக்கொள்ளலாம் என்று விடை வருகின்றது. அந்த முன்னோட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், அது தந்த விலக்கத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற அடுத்த வினாவுக்கோ, முப்பது போதும் என்ற ஒரு வாய்ப்பாடு மட்டுமே நெடுங்காலமாகப் பலருடைய வாயிலும் வழங்கிவருகின்றது. அவ்வாய்ப்பாடு எத்துணைப் பலவீனமானது என்பதையும், அதற்குப் பதிலாக வைக்கவேண்டிய எண் எங்கிருந்து பிறக்கின்றது என்பதையும், அவ்வெண் எந்தெந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவைச் சரியாக வகுத்தல்

பேச்சு வெறும் குறியீடுகளோடு நின்றுவிடாமல் இருக்க ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூர் வட்டாரத்து நூற்பாலை ஒன்று நாற்பதாம் நம்பர் பருத்தி நூல் நூற்கின்றது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில முறைப்படி, 840 கஜம் கொண்ட சிட்டங்கள் நாற்பது சேர்ந்து ஒரு ராத்தல் எடையுள்ளதாக இருப்பதே நாற்பதாம் நம்பர் நூல். இதைச் சோதிக்க, ஒன்றரை கஜச் சுற்றளவுள்ள ராப் ரீலில் எண்பது சுற்றுச் சுற்றி, 120 கஜம் கொண்ட ‘லீ’ ஒன்றை எடுத்து நிறுப்பார்கள். நூல் சரியாக நாற்பதாம் நம்பராக இருக்குமானால் அந்த லீ 25 கிரெயின், அதாவது ஏறக்குறைய 1.62 கிராம், எடை இருக்கும். ஆனால் எல்லா லீயும் அவ்வாறு இருப்பதில்லை. ஒன்று 39 என்றும் மற்றொன்று 41 என்றும் நம்பர் காட்டும். இவ்வேற்றுமையின் அளவே திட்ட விலக்கம். ஆலையில் நூற்கப்படும் நூல் முழுவதற்கும் உரிய, நம் கண்ணுக்குப் புலப்படாத உண்மையான விலக்கத்தை σ என்றும், சோதித்த லீக்களிலிருந்து நாம் கணக்கிட்டுப் பெறும் விலக்கத்தை s என்றும் குறிப்போம்.

ஆலையின் தரப் பரிசோதகர் விரும்புவது யாதெனின், தாம் கணக்கிட்ட s என்பது உண்மையான σ-விலிருந்து மேலோ கீழோ நூற்றுக்குப் பத்துக்கு மேல் விலகக்கூடாது, இவ்வுறுதி நூறு தடவையில் தொண்ணூற்றைந்து தடவையாவது மெய்ப்படவேண்டும் என்பதே. நுட்பத்தை நம்பர் அளவில் இத்தனை என்று கேளாமல் விழுக்காட்டில் அவர் கேட்பது கவனிக்கத்தக்கது. சராசரியைப் பொறுத்தவரை அரை நம்பருக்குள் என்பது போன்ற நேரான அளவே பொருத்தம். விலக்கத்தைப் பொறுத்தவரையிலோ, அதன் பெருமை சிறுமையை அறியுமுன் ‘0.1-க்குள்’ என்று கேட்பது பொருளற்றது, விலக்கம் 0.2 ஆனால் அது பாதி, 2 ஆனால் அது இருபதில் ஒரு பங்கு. ஆகையால் சார்பளவில் கேட்பதே இயற்கை; அவ்வாறு கேட்பதனால் கணித ரீதியாக ஒரு பெரிய அனுகூலமும் கிட்டுகின்றது.

கை-வர்க்கப் பரவல் செய்யும் உதவி

அளவீடுகள் ஒன்றையொன்று சாராதவை, அவை இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுபவை என்று கொண்டால், (n − 1)s²/σ² என்னும் விகிதம் கை-வர்க்கப் பரவலைப் பின்பற்றும் என்பது நிறுவப்பட்ட உண்மை. ஜெர்மானியக் கணித அறிஞர் ஹெல்மெர்ட் 1876-ஆம் ஆண்டிலேயே இதை அடைந்திருந்தார். டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுவாலையில் பணிபுரிந்துகொண்டே ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய காஸெட், சிறிய மாதிரிகளைப் பற்றித் தாம் 1908-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், ஹெல்மெர்ட்டின் முடிபை அறியாமலேயே, s²-இன் பரவலை வேறு வழியில் ஊகித்துப் பெற்றார். இவ்வுண்மையை மாதிரி அளவு பற்றிய வினாவுக்கு நேரடியாகப் பயன்படுத்தி, விலக்கத்தை அதன் உண்மை மதிப்பின் விழுக்காடாக மதிப்பிட எத்தனை அளவீடு வேண்டும் என்பதைக் கிரீன்வுட், சாண்டமயர் என்னும் இருவர் 1950-இல் அமெரிக்கப் புள்ளியியல் கழகத்தின் பத்திரிகையில் வெளியிட்டனர்.

இந்த விகிதத்தில் காணத்தக்க சிறப்பு, சராசரி அதில் எங்குமே தோன்றாமையும், σ தனித்து நில்லாமல் s-உடன் விகிதமாகவே வருதலும் ஆகும். s என்பது σ-வின் 0.9 மடங்குக்கும் 1.1 மடங்குக்கும் இடையில் இருக்கின்றது என்ற கூற்றும், கை-வர்க்கம் 0.81(n − 1)-க்கும் 1.21(n − 1)-க்கும் இடையில் இருக்கின்றது என்ற கூற்றும் ஒன்றே. பின்னதன் நிகழ்தகவைக் கணக்கிட n ஒன்று தெரிந்தால் போதும். ஆகவே, சராசரிக்கான மாதிரி அளவைக் காண விலக்கம் முன்னரே தெரிந்திருக்கவேண்டிய தொல்லை இங்கே இல்லை. நாற்பதாம் நம்பர் நூலாயினும், மாத்திரையின் எடையாயினும், இருசின் விட்டமாயினும், பத்து விழுக்காட்டு நுட்பத்துக்கு வேண்டிய எண் ஒன்றே. முன்னோட்டம் எதுவும் வேண்டாத முன்னோட்டம் இது என்று சொல்லலாம்.

n − 1 என்னும் எண்ணைக் கட்டின்மை எண் என்போம். விலக்கங்களைச் சராசரியிலிருந்து அளக்கும்போது அவற்றின் கூட்டுத்தொகை பூச்சியமாகவேண்டும் என்ற ஒரு கட்டுப்பாடு நேர்வதால், n அளவீடுகளில் ஒன்று தன் சுதந்திரத்தை இழக்கின்றது. விலக்கத்தின் நுட்பத்தை நிர்ணயிப்பது எடுத்த அளவீடுகளின் எண்ணிக்கை அன்று, இந்தக் கட்டின்மை எண்ணே. இவ்வேற்றுமை முதலில் அற்பமாகத் தோன்றினும், பின்னர் வரும் சிக்கல்களுள் மிகப் பெரியதன் திறவுகோல் இதுவே.

எண் பிறக்கும் வகை

கணக்கிடும் முறை எளியது. கட்டின்மை எண்ணை ஓர் ஊகமாக எடுத்துக்கொண்டு, அதன் 0.81 மடங்குக்கும் 1.21 மடங்குக்கும் இடையே கை-வர்க்கப் பரவலின் எவ்வளவு பங்கு அடங்குகின்றது என்று பார்க்கவேண்டும், அப்பங்கு 0.95-ஐ எட்டும் வரையில் எண்ணை உயர்த்திக்கொண்டே போகவேண்டும். கட்டின்மை எண் 100 ஆனால் எல்லைகள் 81, 121. இடையில் அடங்குவது ஏறக்குறைய நூற்றுக்கு 84. எண் 150 ஆனால் எல்லைகள் 121.5, 181.5, அடங்குவது ஏறக்குறைய 92. எண் 192 ஆகும்போது எல்லைகள் 155.5, 232.3 என்று விரிந்து, இடைப்பட்ட பங்கு 95-ஐத் தொடுகின்றது. ஆகவே பரிசோதகருக்கு வேண்டியவை 193 லீக்கள்.

அட்டவணையும் கருவியும் கையில் இல்லாதபோது இதே விடையை ஒரே வரியில் அடையவும் வழியுண்டு. கை-வர்க்கத்தின் சராசரி அதன் கட்டின்மை எண்ணுக்குச் சமம். அதன் விலக்கத்தின் வர்க்கம் அவ்வெண்ணின் இரு மடங்கு. கட்டின்மை எண்ணை ν என்று குறித்தால், s²-இன் சார்பு விலக்கம் √(2/ν) ஆகின்றது. வர்க்கமூலம் எடுக்கும்போது சிறிய சார்புப் பிழை பாதியாகக் குறைவதால், s-இன் சார்பு விலக்கம் 1/√(2ν) ஆகின்றது. வேண்டிய நுட்பத்தை p என்றும், நம்பிக்கைக்கு உரிய இயல்நிலை எண்ணை z என்றும் கொண்டால்,

ν ≈ z²/(2p²)

என்பது பெறப்படும். தொண்ணூற்றைந்து விழுக்காட்டு நம்பிக்கைக்கு z = 1.96 ஆதலின், 1.92 என்ற எண்ணை p-யின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். p = 0.10 ஆனால் 192; p = 0.20 ஆனால் 48; p = 0.05 ஆனால் 768. முதல் இரண்டையும் மேற்கூறிய முழுக் கணக்கோடு ஒப்பிட்டால், தோராயச் சூத்திரம் பிழையின்றி அதே எண்களைத் தருவதைக் காணலாம். கை-வர்க்கப் பரவல் வலப்புறம் சாய்ந்ததாயினும், ஒரு பக்கத்தில் நேரும் மிகையும் மறுபக்கத்தில் நேரும் குறையும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதே இதற்குக் காரணம். நுட்பத்தை இரட்டிப்பாக்க மாதிரியை நான்கு மடங்காக்கவேண்டும் என்ற பழைய நியதி இங்கும் மாறவில்லை. நம்பிக்கையைத் தொண்ணூறாகக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் பத்து விழுக்காட்டுக்கு 135 போதும். தொண்ணூற்றொன்பதாக உயர்த்தினால் 332 வேண்டும்.

இப்போது முப்பது என்ற வாய்ப்பாட்டைத் தராசில் வைத்துப் பார்க்கலாம். முப்பது லீக்களிலிருந்து s = 0.80 நம்பர் என்று கிடைத்ததாகக் கொள்வோம். கட்டின்மை எண் 29. அதற்குரிய கை-வர்க்க அட்டவணையில் இரு முனைகளிலும் இரண்டரை விழுக்காட்டை ஒதுக்கும் எல்லைகள் 16.047, 45.722. இவற்றிலிருந்து σ-வுக்குப் பெறப்படும் தொண்ணூற்றைந்து விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி 0.64 முதல் 1.08 வரை. நாற்பதாம் நம்பர் நூலில் இது நூற்றுக்கு 1.6 மாறுபாடு முதல் 2.7 மாறுபாடு வரை என்று பொருள்படும். செவ்வனே நடக்கும் ஆலைக்கும் கவனிக்கப்படாத ஆலைக்கும் உள்ள தூரத்தை ஒரே இடைவெளிக்குள் அடக்கிவிடும் மதிப்பீட்டைக் கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. சராசரியின் பரவல் இயல்நிலையை நெருங்குவதற்கு முப்பது போதும் என்று எங்கோ சொல்லப்பட்ட ஒரு கருத்து, விலக்கத்தின் நுட்பத்துக்கும் அதுவே போதும் என்று இடம் மாறி வழங்கலாயிற்று. இவ்விரண்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

முன்னிருந்து பார்த்தலும் பின்னிருந்து பார்த்தலும்

பத்து விழுக்காடு என்பதில் இரு வேறு பொருள்கள் மறைந்திருப்பதைக் கவனியாவிட்டால், ஒரே அட்டவணையைப் பார்த்த இருவர் வெவ்வேறு எண்களோடு திரும்புவர். மேலே கண்ட 193 என்பது, சோதனை நடத்துமுன் நின்றுகொண்டு, வரப்போகும் s என்பது σ-வை மையமாகக் கொண்டு பத்து விழுக்காட்டுக்குள் விழுமா என்று கேட்ட வினாவுக்கு விடை. சோதனை முடிந்தபின் நிலைமை தலைகீழாகின்றது. அப்போது s நம் கையில் இருக்கின்றது, σ எங்கே என்பதே வினா. s = 0.80 என்று வந்திருந்தால், 193 லீக்கள் தரும் நம்பிக்கை இடைவெளி 0.73 முதல் 0.89 வரை. அதாவது s-க்குக் கீழே ஒன்பது விழுக்காடும் மேலே பதினொரு விழுக்காடும் விட்டுவைக்கின்றது. இது கணக்கின் பிழையன்று, 1.1-ஆல் வகுத்தால் 0.91 வருவதும், 0.9-ஆல் வகுத்தால் 1.11 வருவதுமே இதன் காரணம்.

இச்சமச்சீரின்மை சில காரியங்களில் அலட்சியம் செய்யத்தக்கது; சிலவற்றில் அதுவே பிரதானம். நூலின் விலக்கம் ஒப்பந்தத்தில் கண்ட எல்லையை மீறவில்லை என்று வாங்குபவருக்கு உறுதிகூற விரும்பும் ஆலைக்கு மேல் எல்லையே முக்கியம். கீழ் எல்லை எங்கிருந்தால் என்ன? அத்தகையவர், தொண்ணூற்றைந்து விழுக்காட்டு இடைவெளியின் மேல் எல்லை s-ஐப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தாண்டக்கூடாது என்று வினாவை வகுத்துக்கொண்டால், வேண்டிய கட்டின்மை எண் 192 அன்று, ஏறக்குறைய 233 ஆகும். கீழ் எல்லையை முற்றிலும் கைவிட்டு, ஐந்து விழுக்காட்டு அபாயம் முழுவதையும் மேல் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளச் சம்மதித்தால், ஏறக்குறைய 166 போதும். மூன்று எண்களும் சரியானவை. மூன்றும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை. எந்த வினாவைக் கேட்கின்றோம் என்பதை மாதிரி எடுக்குமுன் எழுதிவைக்காதவர், எடுத்தபின் தமக்கு வசதியானதைத் தேர்ந்துகொள்ளும் ஆசைக்கு ஆளாவர்.

இயல்நிலை என்னும் நிபந்தனையின் விலை

சராசரியைப் பற்றிய கணக்குகளில், மூலப் பரவல் இயல்நிலையிலிருந்து சற்று விலகினாலும் பெரிய தீங்கு நேர்வதில்லை. மாதிரி பெருகப் பெருகச் சராசரி தானே இயல்நிலையை அணுகுவதால் அந்தக் குறை மறைந்துபோகின்றது. இந்தப் பழக்கத்தால், விலக்கத்தைப் பற்றிய கணக்கிலும் பெரிய மாதிரி நம்மைக் காப்பாற்றும் என்று நம்பிவிடுவது எளிது. அது பொய்யான நம்பிக்கை. s-இன் சிதறலை நிர்ணயிப்பது மூலப் பரவலின் ஓரங்கள் எவ்வளவு நீண்டிருக்கின்றன என்பதே. மாதிரி எவ்வளவு பெரிதாயினும் இச்சார்பு நீங்குவதில்லை. 1953-இல் ஜார்ஜ் பாக்ஸ், விலக்கங்களை ஒப்பிடும் வழக்கமான சோதனைகள் இயல்நிலையின்மையால் எவ்வளவு கெடுகின்றன என்பதை விரிவாக எடுத்துக்காட்டினார். கை-வர்க்கத்தைக் கொண்டு மாதிரி அளவு காணும் முறையும் அதே நோய்க்கு உட்பட்டதுதான்.

இதன் அளவைக் கணக்கிடலாம். பரவலின் தட்டை அளவை இயல்நிலைக்கு உரிய மூன்றை எவ்வளவு மிஞ்சுகின்றது என்பதை κ என்று குறித்தால், பெரிய மாதிரிகளில் வேண்டிய எண்ணிக்கை, இயல்நிலைக்குக் கண்ட எண்ணைப் போல் (2 + κ)/2 மடங்காகும். ஓரங்கள் வெட்டப்பட்டதுபோல் இரு எல்லைகளுக்குள் சமமாகப் பரவியிருக்கும் அளவுகளுக்கு κ = −1.2, அங்கே 193-க்குப் பதிலாக 77 அளவே போதும். ஆனால் தொழிலில் நாம் எதிர்ப்படுவது பெரும்பாலும் இதற்கு நேர்மாறான நிலை.

நம் ஆலையிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கதிர்கள் ஒழுங்காக ஓடுகின்றன என்றும், தேய்ந்த உருளையோ தளர்ந்த ஏப்ரனோ காரணமாக எஞ்சிய ஐந்து கதிர்களின் நூல் மட்டும் மூன்று மடங்கு விலக்கத்தோடு வருகின்றது என்றும் கொள்வோம். சராசரி இருசாரார்க்கும் ஒன்றே. மொத்த விலக்கத்தின் வர்க்கம் ஒன்றிலிருந்து 1.4 ஆக உயர்கின்றது. இது பெரிய மாறுதல் அன்று. ஆனால் κ 4.65 ஆக எழும்பிவிடுகின்றது. ஆகவே வேண்டிய மாதிரி 3.3 மடங்காகி, 193 என்பது ஏறக்குறைய 640 ஆகின்றது. இதை அறியாது 193-லேயே நின்றுவிட்டவர், தாம் தொண்ணூற்றைந்து விழுக்காடு உறுதியோடு இருப்பதாக எண்ணிக்கொண்டிருப்பார். உண்மையில் அவருடைய s பத்து விழுக்காட்டுக்குள் விழும் வாய்ப்பு 72 விழுக்காடு மட்டுமே.

இதைக் கண்டுகொள்வது எப்படி? κ-வையே மாதிரியிலிருந்து கணக்கிடலாமே எனின், அது நான்காம் அடுக்கைச் சார்ந்த அளவாதலால், ஓரத்து அளவீடுகள் ஓரிரண்டு வந்ததா வராததா என்பதைப் பொறுத்து மிகவும் ஆடும். சிறிய மாதிரியில் அதை நம்புவதற்கில்லை. அளவீடுகளை வரிசைப்படுத்தி இயல்நிலை நிகழ்தகவுத் தாளில் குறித்துப் பார்ப்பதே மேலான வழி. இயல்நிலை அளவீடுகள் அதில் ஏறக்குறைய நேர்கோட்டில் அமையும். நீண்ட ஓரங்கள் உள்ள பரவலிலோ நடுப்பகுதி நேராக நின்று, இரு முனைகளும் கோட்டைவிட்டு விலகி, கீழ்முனை மேலும் சிறிய மதிப்புகளையும் மேல்முனை மேலும் பெரிய மதிப்புகளையும் நோக்கி வளையும். அத்தகைய வளைவு கண்டால் கை-வர்க்க எண்ணை அப்படியே கொள்ளாமல், மேற்கூறிய மடங்கினால் உயர்த்தவேண்டும். அல்லது எந்தக் கதிர்கள் அவ்வளைவை உண்டாக்குகின்றன என்று தேடி அவற்றைச் செப்பனிட்டபின் மாதிரியைப் புதிதாக எடுக்கவேண்டும்.

ஒரே ஒரு பிழையான எடையும் இங்கே எளிதில் கரைந்துபோவதில்லை. 193 அளவீடுகளுக்கு இடையே, ராப் ரீலில் சுற்று எண்ணிக்கை தவறியதால் சராசரியிலிருந்து ஐந்து விலக்கத் தூரத்தில் ஒரு லீ வந்து விழுந்தால், அது ஒன்றே s-ஐ ஏறக்குறைய ஆறு விழுக்காடு உயர்த்திவிடும். நாம் அனுமதித்த பத்தில் பாதிக்கு மேல் அதற்கே செலவாகிவிட்டது. ஆதலின் அசாதாரணமான எடை தென்பட்டவுடன், அந்த லீயை எடுத்து வைத்து, சுற்றையும் எடையையும் அன்றைக்கே மீண்டும் சரிபார்க்கவேண்டும். மாத முடிவில் காகிதத்தைப் பார்த்து அதை அடித்துவிடுவது முறையாகாது.

193 வரிகளும் 192 கட்டின்மையும்

இனி, நடைமுறையில் மிக அதிகமாக நேரும் தவறுக்கு வருவோம். அளவீடுகள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை பாடநூலில் ஒரு சொல்லில் முடிந்துவிடுகின்றது. ஆலையில் அதை மீறுவது ஒரு நாளைய வேலையைச் சுலபமாக்குகின்றது. 200 லீ வேண்டும் என்று சொன்னால், உதவியாளர் இருபது பாபின்களை எடுத்துவந்து ஒவ்வொன்றிலிருந்தும் பத்து லீ சுற்றிவிடுவார். பேரேட்டில் 200 வரிகள் நிரம்பிவிடும். ஆனால் ஒரே பாபினிலிருந்து வந்த பத்து லீக்கள் ஒரே கதிரிலும் ஒரே ரோவிங்கிலும் பிறந்தவை. அவை தமக்குள் ஒத்திருப்பது இயல்பு.

மொத்த விலக்கத்தின் வர்க்கத்தில் பாதி பாபினுக்குப் பாபின் உள்ள வேற்றுமையாலும், மறுபாதி ஒரே பாபினுக்குள் உள்ள வேற்றுமையாலும் வருவதாகக் கொள்வோம். மொத்த வர்க்கத்தை இரண்டு பகுதிகளாகப் பிரித்துக் கணக்கிட்டால், பாபின்களின் சராசரிகளிலிருந்து வரும் பகுதி மொத்தத்தில் 0.55 பங்கு, அதற்குக் கட்டின்மை எண் 19 மட்டுமே. பாபினுக்குள்ளிருந்து வரும் பகுதி 0.45 பங்கு, அதற்குக் கட்டின்மை எண் 180. இவ்விரண்டையும் இணைத்துச் சமமான ஒரே கட்டின்மை எண்ணாகக் காட்டும் வழியை ஸாட்டர்த்வெயிட் 1946-இல் வகுத்தார். ஒவ்வொரு பங்கின் வர்க்கத்தையும் அதனதன் கட்டின்மை எண்ணால் வகுத்துக் கூட்டி, அக்கூட்டுத்தொகையால் ஒன்றை வகுக்கவேண்டும். அவ்வாறு செய்தால் கிடைப்பது ஏறக்குறைய 59. இருநூறு லீக்களைச் சுற்றி நிறுத்த உழைப்பு, ஐம்பத்தொன்பதின் பயனையே தந்தது. நுட்பம் பத்து விழுக்காடு அன்று, பதினெட்டு விழுக்காடு. அதே உழைப்பில் 193 வெவ்வேறு பாபின்களிலிருந்து ஒவ்வொரு லீ எடுத்திருந்தால் வேண்டியது கைகூடியிருக்கும்.

இதற்கு எதிர்ப்புறத்தில் மற்றொரு கண்ணி உண்டு. நாள் ஒன்றுக்கு ஐந்து லீ வீதம் நாற்பத்தெட்டு நாட்கள் சோதித்து, ஒவ்வொரு நாளின் சராசரியிலிருந்தும் அந்த நாளின் விலக்கங்களை மட்டும் எடுத்துத் திரட்டினால், நாளுக்கு நான்கு வீதம் கட்டின்மை எண் சரியாக 192 ஆகின்றது. கை-வர்க்கக் கணக்கு இங்கே குறையின்றிப் பொருந்தும். பத்து விழுக்காட்டு நுட்பமும் மெய்யாகவே கிட்டும். ஆனால் மதிப்பிடப்பட்டது எது? ஒரு நாளுக்குள் நூல் எவ்வளவு மாறுகின்றது என்பது மட்டுமே. திங்கட்கிழமையின் ஈரப்பதத்துக்கும் வெள்ளிக்கிழமையின் ஈரப்பதத்துக்கும், ஒரு பஞ்சுக் கலவைக்கும் அடுத்த கலவைக்கும் உள்ள வேற்றுமை அதில் அறவே இல்லை. எந்திரத்தின் திறமையை அறிய விரும்புபவருக்கு இதுவே வேண்டிய எண். மாதம் முழுதும் வாங்கும் நெசவாளருக்கோ இது போதாது. அவருக்கு நாட்களின் எண்ணிக்கையே கட்டின்மையைப் பெரும்பாலும் நிர்ணயிக்கும்; ஐந்தே நாட்களில் ஆயிரம் லீ எடுத்தாலும், நாளுக்கு நாள் உள்ள வேற்றுமையைப் பற்றி நான்கு கட்டின்மைக்கு மேல் ஒன்றும் தெரியவராது.

முடிபு

ஆராய்ந்தவற்றைத் திரட்டினால், கை-வர்க்கப் பரவல் தரும் விடை தன் நிபந்தனைகளுக்கு உட்பட்டவரை முழுமையானது என்பதும், அந்நிபந்தனைகள் சராசரியின் கணக்கில் உள்ளவற்றைவிடக் கடுமையானவை என்பதும் தெளிவாகும். நுட்பம், நம்பிக்கை, எல்லை எந்தப் பக்கம் என்ற மூன்றையும் முதலில் எழுதிக்கொண்டு, 1.92-ஐ நுட்பத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண்ணைத் தொடக்கமாகக் கொள்ளலாம். பிறகு ஐம்பது, நூறு அளவீடுகள் சேர்ந்தவுடன் நிகழ்தகவுத் தாளில் ஓரங்களைப் பார்த்து அவ்வெண்ணை உயர்த்தவேண்டுமா என்று தீர்மானிக்கலாம். வரிகளை எண்ணாமல் கட்டின்மையை எண்ணவேண்டும்; அளவீடுகள் பாபின்களுக்கும் நாட்களுக்கும் இடையே எவ்வாறு பகிர்ந்திருக்கின்றன என்பதைப் பார்க்காமல் அதை எண்ணவியலாது. பத்து விழுக்காட்டு நுட்பம் கட்டுப்படியாகாத இடத்தில், நாற்பத்தொன்பது அளவீடுகளோடு இருபது விழுக்காடு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது, முப்பதோடு நின்று ஒன்றும் சொல்லாமல் விடுவதைவிட நேர்மையானது.

திட்ட விலக்கத்தை அறிக்கையில் எழுதும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்வது இதுவே: அந்த எண்ணின் அருகில் அதன் கட்டின்மை எண்ணையும், அது எந்த வேற்றுமையை உள்ளடக்கியது, எதை உள்ளடக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அவை இரண்டும் இல்லாத விலக்கத்தை வாசிப்பவர் எவ்வளவு நம்பலாம் என்று அறிய வழியில்லை.